நாக்கில் இனிப்பு தட்டினால் மாஸ்க் சரியில்லை

ஹார்டுவேர் கடையில் போய் ‘மாஸ்க் ஒண்ணு கொடுங்க’ என்று கேட்டால், கடைக்காரர் நாலைந்து விதமாக எடுத்துப் போடுவார். ஆஸ்பத்திரியில் மாட்டும் நீல மாஸ்க், காதில் மாட்டும் வெள்ளை மாஸ்க், தலையைச் சுற்றி இரண்டு பட்டை வரும் கோப்பை மாஸ்க், உள்ளே கறுப்பாகக் கரி அடுக்கு வைத்த ஒன்று, கடைசியாக இரண்டு கன்னத்திலும் டப்பா மாட்டிய ரப்பர் மாஸ்க். வாங்குபவர் விலையைக் கேட்பார், நடுவிலிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நம் பட்டறைக் காற்றில் கலப்பது துகளா, வாயுவா என்பது ஒன்று. வாங்குகிற மாஸ்க் போடப்போகிறவரின் முகத்தில் ஒட்டி உட்காருமா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை அபூர்வமாகச் சிலர் கேட்பதுண்டு. இரண்டாவதை நம் சிறு பட்டறைகளில் கேட்பவரே இல்லை எனலாம். ஆனால் நல்ல மாஸ்க் போட்டும் நெஞ்சில் தூசி இறங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதால்தான்.

ஊருக்கு ஊர் இருக்கிற ஒரு மரப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். தகரக் கூரை, ஒரு பக்கம் ஷட்டர். மேஸ்திரி எம்.டி.எஃப். பலகையை மெஷினில் அறுக்கிறார். உதவியாள் தேக்குக் கட்டிலின் தலைப்பலகையைச் சாண்டர் மெஷினால் தேய்க்கிறார், மூலைகளுக்கு உப்புத்தாள். பின்பக்கம் பாலிஷ்காரர் தின்னர் கலந்த லாக்கரை கன்னில் அடிக்கிறார். ஷட்டருக்கு வெளியே ஒருவர் கட்டிலுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் வைக்கிறார். நாலு பேர், நாலு விதமான காற்று.

இதில் கண்ணை நம்பினால் ஏமாந்து போவோம். வெல்டிங் புகை பார்க்க வாயு மாதிரி மிதந்து போகிறது. உண்மையில் அது மிகமிக நுண்ணிய திடத்தூசி. உலோகம் கொதித்து ஆவியாகி, காற்றில் பட்டவுடன் உறைந்து துகளாகிறது. நாகமுலாம் பூசிய குழாயில் இது இன்னும் அதிகம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், இரும்பு உருகவே ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும். அதனால் வெல்டிங் வைக்கும்போது முலாம் முழுக்க வெள்ளைப் புகையாகப் போகிறது. அன்று ராத்திரி குளிர் காய்ச்சல், உடம்பு வலி, காலையில் ஒன்றும் இல்லாதது போல் எழுந்து வேலைக்கு வருவது என்று பல வெல்டர்களுக்கு அனுபவம் உண்டு. இதை ‘உலோகப் புகைக் காய்ச்சல்’ என்கிறது மருத்துவம். ஆக, வெல்டிங் புகைக்குத் தேவை தூசி வடிகட்டும் மாஸ்க்.

தின்னர் நேர் எதிர். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதிலிருந்து கிளம்பும் டொலுயீன், பியூட்டைல் அசிடேட் போன்றவை தனித்தனி மூலக்கூறுகளாகக் காற்றோடு காற்றாகக் கலந்துவிட்டவை. எவ்வளவு நெருக்கமான துணியாக இருந்தாலும் அதன் வழியே போய்விடும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு லாக்கர் அடித்தால் தெறிக்கும் பெயிண்ட் துளிகள் நிற்கும். தின்னர் அப்படியே உள்ளே போகும்.

தூசி மாஸ்க் ஒரு சல்லடை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் இழைகளுக்கு இடையிலுள்ள வெளி, அது பிடிக்கும் துகள்களைவிடப் பெரியது. பெரிய துகள்கள் வளைந்து போக முடியாமல் இழையில் மோதிக்கொள்கின்றன. மிகச் சிறியவை நிலையில்லாமல் அலைந்து எங்காவது ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவில் 0.3 மைக்ரான் அளவில் இருப்பவைதான் தப்பிப்பதில் கெட்டிக்காரத் துகள்கள். அவற்றை இழுக்க இழைகளில் நிலை மின்னேற்றம் வைத்திருக்கிறார்கள். மாஸ்க்கைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் பார்வைக்குப் புதிதாக இருக்கும், ஆனால் அந்த மின்னேற்றம் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். இத்தனை நுண்மையைப் பிடிப்பதால்தான் அமெரிக்க என்95, நம் ஐ.எஸ். 9473 தரப்படி வரும் எஃப்.எஃப்.பி.2 ஆகியவை மரத்தூசிக்கும் வெல்டிங் புகைக்கும் பொதுவாக முதல் தேர்வாகின்றன. மரத்தூசியை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துவிட்டது. ‘மரத்தூள்தானே’ என்று சொல்லும் மேஸ்திரிகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாண்டர் மெஷின் பிடிக்கும் உதவியாளுக்கு எஃப்.எஃப்.பி.2, வெல்டருக்கும் அதுவே. வெல்டருக்கு ஹெல்மெட்டுக்குள் அடங்கும்படி தட்டையாக மடியும் வகை தோது. இருவருக்கும் தலையைச் சுற்றும் பட்டை உள்ளதாகவே வாங்க வேண்டும். காதில் மாட்டும் கயிறு மாஸ்க்கை முகத்தோடு அழுத்தும் அளவுக்கு இழுக்காது. அந்த அளவுக்கு இழுத்தால் காது தாங்காது.

பாலிஷ்காரர் விஷயம்தான் சிக்கலானது. அவருக்கு மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மாஸ்க்கும், கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜும் வேண்டும். கூடவே அந்தக் கார்ட்ரிட்ஜின் முன்னால் தூசி வடிகட்டியும் வேண்டும். கன்னிலிருந்து வருவது ஆவி மட்டும் இல்லை, பெயிண்ட் மூடுபனியும்தான். வெறும் கரி அந்தத் துளிகளைப் பிடிக்காது. கடையில் கிடைக்கும் கரி அடுக்கு வைத்த தாள் மாஸ்க் இதற்கு ஈடாகாது. லேசான வாடையைக் குறைக்க மட்டுமே அது போதும்; அதிலுள்ள கரி, கன்னில் அடிக்கும் தின்னருக்கு முன்னால் எந்த மூலைக்கும் காணாது.

கார்ட்ரிட்ஜின் நிறத்தை வைத்து வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் சந்தையில் ஐரோப்பிய முறையும் அமெரிக்க முறையும் கலந்து கிடைக்கின்றன. தின்னர் மாதிரியான கரிம ஆவிகளுக்கு ஐரோப்பிய முறையில் பழுப்புப் பட்டை, ‘ஏ’ என்ற எழுத்து. அமெரிக்க முறையில் அதுவே கறுப்பு. வெள்ளைப் பட்டை ஐரோப்பாவில் தூசி வடிகட்டி, அமெரிக்காவில் அமில வாயு. நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போனால் தப்பான டப்பா கைக்கு வரும். மேலே அச்சிட்டிருப்பதை வாசித்து, ‘ஆர்கானிக் வேப்பர்’ என்றோ ‘ஏ2பி2’ என்றோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே சரி. ஏ என்பது ஆவிக்கு, பி என்பது துகளுக்கு. எண் அதிகமானால் கொள்ளளவோ வடிகட்டும் திறனோ அதிகம்.

கரி பிடிக்காத பொருள்களும் உண்டு. கொதிநிலை குறைந்த ஆவிகள் கரியில் நிலைத்து ஒட்டுவதில்லை. ஐரோப்பிய முறையில் ‘ஏ’ வகையே 65 டிகிரிக்கு மேல் கொதிப்பவற்றுக்குத்தான். டொலுயீன் 110 டிகிரியில் கொதிக்கிறது, கவலையில்லை. ஆனால் பழைய பெயிண்ட்டை உரிக்கும் ரிமூவர்களில் வரும் மெத்திலீன் குளோரைடு 40 டிகிரியிலேயே கொதிக்கும். அது கார்ட்ரிட்ஜைச் சீக்கிரமே துளைத்துக்கொண்டு வந்துவிடும் என்பதால், அமெரிக்க விதிகள் அதற்குக் குழாய் வழியே வெளிக்காற்று தரும் கருவியைத்தான் கேட்கின்றன. மலிவுத் தின்னர்களில் மெத்தனாலும் அசிடோனும் கலந்திருக்கலாம். அசிடோன் 56இலும் மெத்தனால் 65ஐ ஒட்டியும் கொதிப்பவை. லேபிள் இல்லாத கேனில் தின்னர் வாங்கினால் எந்த மாஸ்க் போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்பு விவரத்தாள் தரும் கம்பெனித் தின்னருக்கு மாறுவதே இதற்கு மருந்து.

இன்னொன்று பி.யு. பாலிஷ். ஹார்ட்னர் தனி டப்பாவில் வருவது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா கிளம்பும். மற்ற ஆவிகளுக்கு இருப்பதுபோல் முன்கூட்டி எச்சரிக்கும் வாடை அதற்கு இல்லை. கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது தெரியாமலே சுவாசித்துக்கொண்டிருக்க நேரும். தினமும் பி.யு. அடிக்கும் இடத்துக்கு, வெளிக்காற்றுக் குழாயும் தனி ஸ்ப்ரே அறையும் இல்லாமல் ரப்பர் மாஸ்க்கை மட்டும் நான் சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒரு வேலை வந்தால், அதை அந்த வசதி உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுவது செலவு குறைந்த வழி. அதேபோல், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பெயிண்ட் அடிப்பது போன்ற மூடிய இட வேலைக்கு எந்த வடிகட்டும் மாஸ்க்கும் ஆகாது. வடிகட்டி ஆக்சிஜனைத் தயாரிப்பதில்லை.

சரி, லாக்கருக்கு வருவோம். கார்ட்ரிட்ஜ் எவ்வளவு நாள் வரும்? ‘வாடை வரும்வரை’ என்பது பட்டறை வழக்கம். மூக்கு சீக்கிரம் பழகிவிடும் உறுப்பு. பத்து வருஷம் பாலிஷ் போட்டவருக்குத் தின்னர் வாடை தெரியவே தெரியாது. அதனால் மணிக்கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. தொழில் சுகாதாரத் துறையில் ஓர் உத்தேசக் கணக்கு உண்டு: ஆவியின் கொதிநிலை 70 டிகிரிக்கு மேல், காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 200 பங்குக்குக் கீழ் என்றால், சாதாரண வேகத்தில் வேலை செய்பவருக்குக் கார்ட்ரிட்ஜ் எட்டு மணி நேரம் வரும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அது பாதியாகும், ஏனென்றால் கரியில் தண்ணீரும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐப்பசி மழைக்காலத்தில் நம் பாலிஷ்காரர் நாளுக்கு ஒரு மணி நேரம் அடிக்கிறார் என்று வையுங்கள். எட்டு நாலாகிறது, நாலு நாளில் மாற்ற வேண்டும். மூச்சு வாங்க வேலை செய்கிறார் என்றால் இன்னும் சீக்கிரம்.

அதுவும் மாஸ்க்கை ஆணியில் தொங்கவிடாமல் இருந்தால்தான். அடித்து முடித்தும் பட்டறையில் தின்னர் ஆவி இருக்கும். திறந்து கிடக்கிற கரி ராத்திரி முழுக்க அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். முன்பே பிடித்துவைத்த ஆவியும் மெல்ல உட்பக்கம் நகர்ந்துவரும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும், செலவு அவ்வளவுதான். திறந்த தேதியையும், அடித்த மணி நேரத்தையும் கார்ட்ரிட்ஜ் மேலேயே மார்க்கரால் எழுதிக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு சின்னக் கணக்கு: வெளிக்காற்றில் நூறு துகள்கள். எஃப்.எஃப்.பி.2 வடிகட்டி மோசமான நிலையில் ஆறை விடும், விளிம்பில் இரண்டு கசிகிறது, உள்ளே எட்டு. விலை உயர்ந்த எஃப்.எஃப்.பி.3 வடிகட்டி ஒன்றைத்தான் விடும், ஆனால் அந்த முகத்துக்குப் பொருந்தாமல் மூக்கோரத்தில் பத்து கசிகிறது, உள்ளே பதினொன்று. அதிக விலை கொடுத்தவருக்கு அதிகத் தூசி. காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். வடிகட்டி எவ்வளவு அடர்த்தியோ, விளிம்பு இடைவெளி அவ்வளவு சுலபமான வழியாகிவிடும்.

இந்தக் கசிவைக் கண்டுபிடிக்கத்தான் பொருத்தச் சோதனை. தொழிற்சாலைகளில் ‘ஃபிட் டெஸ்ட்’ என்பார்கள். துகள்களை உள்ளேயும் வெளியேயும் எண்ணும் மெஷின் வைத்தும் செய்யலாம். அது விலை அதிகம். சிறு பட்டறைக்குத் தோதானது நாக்கை வைத்துச் செய்வது. சாக்கரின் கரைசலை நுண்துளியாகத் தெளிப்பார்கள். மாஸ்க் போட்டவருக்கு இனிப்பு தெரிந்தால் கசிகிறது என்று அர்த்தம். இனிப்புக்குப் பதில் கடுங்கசப்பு பிட்ரெக்ஸ் கரைசலும் உண்டு. இதற்கான பெட்டி, தலையில் கவிழ்க்கும் கூடாரம், கையால் அழுத்தும் தெளிப்பான், இரண்டு கரைசல்கள் எல்லாம் சேர்ந்து விற்கிறது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் யாருக்கும் பாரமில்லை. சர்க்கரைத் தண்ணீரும் சென்ட் பாட்டிலும் வைத்து வீட்டிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். அந்தத் துளிகள் பெரியவை, இடைவெளியில் நுழையாமல் கீழே விழுந்துவிடும், எல்லோரும் பாஸாகிவிடுவார்கள்.

பாலிஷ்காரருக்கு இதைச் செய்து பார்ப்போம். சோதனைக்கு முன் கால் மணி நேரம் அவர் டீ, பீடி, வெற்றிலை எதுவும் தொடக்கூடாது, தண்ணீர் மட்டும். ஆவி கார்ட்ரிட்ஜ் மட்டும் மாட்டியிருந்தால் இனிப்புத் துளி அதன் வழியாகவே போய்விடும். அதனால் தூசி வடிகட்டி கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும்.

முதலில் மாஸ்க் இல்லாமல் கூடாரத்தைக் கவிழ்க்கிறார்கள். வாயைக் கொஞ்சம் திறந்து, நாக்கை நீட்டி மூச்சுவிடச் சொல்லி, நூறில் ஒரு பங்காக நீர்த்த கரைசலைப் பத்து முறை அழுத்துகிறார்கள். இனிப்பு தெரியவில்லை. இன்னும் பத்து. பதினாறாவது அழுத்தலில் ‘இனிக்குது’ என்கிறார். அவருடைய அளவு இருபது என்று குறித்துக்கொள்கிறார்கள். முப்பதிலும் தெரியாதவருக்கு இந்தச் சோதனை பயன்படாது; பிட்ரெக்ஸுக்குப் போக வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு நேராக மாஸ்க்கோடு ஆரம்பிப்பவர்கள் உண்டு. நாக்கு மரத்தவர்கள் எல்லாம் அப்போது தேறிவிடுவார்கள்.

வாய் கொப்பளித்து, இனிப்பு போனபிறகு, நடுத்தர அளவு ரப்பர் மாஸ்க்கை மாட்டி ஐந்து நிமிடம் இருக்கிறார். கூடாரம் மறுபடியும். இப்போது அடர்த்தியான கரைசல், இருபது அழுத்தல். அதன்பின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பத்து. ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக ஏழு அசைவுகள்: சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, தலையை இடம் வலம், மேலும் கீழும், பேசுவது, குனிந்து நிமிர்வது, மறுபடி சாதாரண மூச்சு. பேசுவதற்கு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள்.

அவர் ‘தொண்ணூற்று ரெண்டு’ வரும்போது நிறுத்துகிறார், இனிப்பு தெரிகிறது. கடைவாய்ப் பல் இரண்டை எடுத்துவிட்டவர், கன்னம் ஒடுங்கியிருக்கிறது. தாடை அசையும்போது ரப்பர் விளிம்பு தாடையோரத்தில் விட்டுக்கொடுக்கிறது. பட்டையை இழுத்துக் கட்டலாமா என்றால் அது பெரும்பாலும் நிலைமையைக் கெடுக்கும். ரப்பர் நசுங்கி வேறு இடத்தில் வாய் பிளக்கும், வலி தாங்காமல் அரை மணியில் கழற்றிவிடுவார். சரியான தீர்வு சின்ன அளவு. நாக்கிலிருந்து இனிப்பு முழுக்க இறங்கக் காத்திருந்து, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். சின்ன அளவில் ஏழு அசைவும் முடிகின்றன, நாக்கில் ஒன்றும் இல்லை. அவருடைய பெயர், மாஸ்க்கின் மாடல், அளவு, தேதி நோட்டில் ஏறுகிறது. இனி அவர் அந்த மாடலில் அந்த அளவைத்தான் போட வேண்டும். கடையில் அது இல்லையென்று வேறு கம்பெனி மாஸ்க் வந்தால் சோதனையும் புதிதாக.

தேறினார் என்றால், உள்ளே வருவது வெளியே இருப்பதில் நூறில் ஒரு பங்குக்குக் குறைவு என்று பொருள். ஆனால் வேலையில் அதை நூறு மடங்குப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க விதிகள் பாதி முக மாஸ்க்குக்குப் பத்து மடங்கு மட்டுமே ஒப்புக்கொள்கின்றன. வேர்வையில் வழுக்குவது, பேச மாஸ்க்கைத் தூக்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த தள்ளுபடி அது. ஆகவே ஷட்டரை மேலே தூக்கி, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி பாலிஷ்காரரை நிறுத்துவது மாஸ்க்குக்கு முந்திய வேலை. சாண்டர் மெஷினில் தூசி உறிஞ்சும் வாக்குவம் மாட்டினால் உதவியாளின் மாஸ்க்குக்கு வேலை வெகுவாகக் குறையும்.

தினமும் மாஸ்க் மாட்டியதும் செய்ய வேண்டியது வேறொன்று. ரப்பர் மாஸ்க்கில் இரண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுத்தால், மாஸ்க் முகத்தோடு ஒட்டிச் சுருங்கி அப்படியே நிற்க வேண்டும். வெளிமூச்சு வால்வை மூடி மெல்ல ஊதினால் லேசாக உப்பி நிற்க வேண்டும். தாள் மாஸ்க்கில் இரு கையாலும் முன்பக்கத்தை மூடி ஊதிப் பார்த்து, மூக்கோரத்தில் காற்று தட்டினால் மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் வளைக்க வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இரண்டு பக்கமும் வழி திறக்கும். வேலை முடித்துக் கழற்றும்போது மூக்குக்குப் பக்கத்தில் தூசிக் கோடு இருந்தால், அன்று முழுக்க அந்த வழியாகத்தான் சுவாசித்திருக்கிறார். இந்தத் தினசரிச் சரிபார்ப்பு பொருத்தச் சோதனைக்கு மாற்று ஆகாது. பாலிஷ்காரரின் நடுத்தர மாஸ்க் இதில் தேறியிருக்கவும் கூடும்.

மீசைக்குத் தடையில்லை, மாஸ்க்குக்குள் அடங்கி விளிம்பைத் தொடாதவரை. தாடிக்கு இடமே இல்லை. இரண்டு நாள் முள் தாடிகூட ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் வழி விடும். அதனால் கார்த்திகையில் மாலை போட்டு, சபரிமலை போய்வரும்வரை ஷேவ் செய்யாத பாலிஷ்காரருக்கு நோட்டில் எழுதியிருக்கும் மாஸ்க் அந்த மாதங்களில் செல்லாது. விளிம்பு ஒட்ட வேண்டிய அவசியமில்லாத, மோட்டாரால் வடிகட்டிய காற்றை ஊதும் தளர்ந்த முகமூடி வகை உண்டு. ஆனால் அது விலை கூடியது, தீப்பற்றும் ஆவி இருக்கும் ஸ்ப்ரே இடத்தில் மோட்டாரும் பேட்டரியும் அதற்கென அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். சின்னப் பட்டறையில் நடக்கக்கூடியது, அந்த நாள்களில் அவரைப் பொருத்து வேலைக்கு மாற்றி, கன்னை வேறொருவர் கையில் கொடுப்பது. அந்த வேறொருவருக்கும் ஐப்பசியிலேயே சோதனை செய்து வைத்திருக்க வேண்டும். பல் கட்டினாலோ, உடம்பு நன்றாக ஏறினாலோ இறங்கினாலோ, முகத்தில் தையல் விழுந்தாலோ, எதுவும் இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறையோ, நோட்டில் புதுத் தேதி ஏற வேண்டும்.